இரண்டாம் பொருளுக்குச் சான்று

படத்தின் ஓரத்தில் கணவரின் கட்டைவிரல் இருந்தது. எல்லாப் படத்திலும் இருக்கும். அகராதியை ஸ்கேன் செய்யத் தர அவருக்கு மனமில்லை; அழுத்தி விரித்தால் புத்தகத்தின் முதுகு உடைந்துவிடுமாம். "நானே போட்டோ எடுத்து அனுப்பறேன்" என்று சொல்லிவிட்டார். தினமும் காலையில் பத்துப் பக்கம். அவள் குளித்துவிட்டு வரும்போது அவர் ஜன்னலோரம் நின்று ஒரு கையால் பக்கத்தை அமுக்கிப் பிடித்து, மறு கையால் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருப்பார். ஒரு மணி நேரம் கழித்து அதே பக்கங்கள் அலுவலகத்தில் அவள் திரையில் விரியும்.

அகராதி அவள் பிறந்த வீட்டு மொழிக்கானது. பேசுகிறவர்கள் சில ஆயிரம் பேர்தான். பதினாறு வருஷத்துக்கு முன்னால் ஒலிப்பதிவுக் கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு சொல் திரட்ட அவர்கள் வீட்டுக்கு வந்தவர் அவர். "சொல் எடுக்க வந்தவன் பொண்ணையும் எடுத்துட்டுப் போயிட்டான்" என்று அக்கா இன்றைக்கும் கேலி செய்வாள். பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஆங்கிலப் பொருளோடு புத்தகம் வெளிவந்தது. அவள் அதை வாரம் தவறாமல் தூசி தட்டியிருக்கிறாள். திறந்ததில்லை. தாய்மொழிக்கு யார் அகராதி பார்ப்பார்கள்?

இப்போது அதைத் தமிழில் பெயர்த்து இணையத்தில் ஏற்றுகிற வேலை அவள் அலுவலகத்துக்கே வந்துவிட்டது. அந்த மொழி தெரிந்த ஆள் அங்கே அவள் ஒருத்திதான். எனவே மறுக்கவும் முடியவில்லை.

வேலை லேசானது போலத் தோன்றும். படத்திலிருந்து மென்பொருள் எழுத்துகளைப் படித்து, பதிவைத் துண்டு துண்டாகப் பெட்டிகளில் போட்டுவிடும்: தலைச்சொல், சொல்வகை, வழக்குக் குறிப்பு, பொருள், எடுத்துக்காட்டு, ஆதாரம். ஆனால் போடுகிற பெட்டி பாதி நேரம் தப்பாக இருக்கும். பிரித்து வைப்பதுதான் அவளுடைய வேலை. தலைச்சொல்லை மொழிபெயர்க்கக் கூடாது, அப்படியே இருக்க வேண்டும். சொல்வகைக்கும் வழக்குக் குறிப்புக்கும் சொந்தச் சரக்கு கூடாது, அலுவலகப் பட்டியலில் உள்ள சொற்கள்தான். பொருளும் எடுத்துக்காட்டும் மட்டுமே உண்மையில் மொழிபெயர்ப்பு. எடுத்துக்காட்டில் வரும் நெளிகோடு தலைச்சொல்லுக்குப் பதிலாக நிற்பது. தமிழில் அந்த இடத்தை நிரப்பியாக வேண்டும்.

இதையெல்லாம் அவளுக்குப் பழக்கியவர் பகுதிப் பொறுப்பாளர். அந்த அம்மாளுக்கு அலுவலகத்தில் 'அரைப்புள்ளி' என்று பெயர். பேச்சில் எங்கேயும் முழுதாக நிறுத்த மாட்டார்.

அன்று காலை அவள் திறந்த பதிவில் மென்பொருள் வழக்கம்போல் கோட்டை விட்டிருந்தது. வினைச்சொல். முதல் பொருள்: தண்ணீர் வடிய வழியில்லாமல் நிற்றல். இரண்டாம் பொருள் இருக்க வேண்டிய பெட்டியில் நீளமாக ஒரு வாக்கியம் வந்து உட்கார்ந்திருந்தது.

"எடுத்துக்காட்டைத் தூக்கிப் பொருள்ல போட்டிருக்கு" என்றாள் பக்கத்து மேசைக்காரியிடம்.

"எனக்கு நேத்து ஒருத்தரோட பேரையே வினைச்சொல்லுன்னு போட்டுச்சு. பாவம், அந்த ஆளு என்ன செஞ்சாரோ."

அவள் சிரித்துக்கொண்டே படத்தைப் பெரிதாக்கினாள். 2 என்ற எண். அதை அடுத்து அடைப்புக்குள் சாய்வெழுத்தில் 'பெண்கள் வழக்கு, அரிய வழக்கு'. குறிப்பு எண்ணுக்குப் பின்னால் வருவதால் இரண்டாம் பொருளுக்கு மட்டும் உரியது. எண்ணுக்கு முன்னால் வந்திருந்தால் இரண்டையும் ஆண்டிருக்கும். சரி, அதன் பெட்டியில். பிறகு பொருள்: போக வேறிடம் இல்லாததால் ஓரிடத்திலேயே இருத்தல். அதன் பெட்டியில். முக்காற்புள்ளி. அதற்கப்புறம் எடுத்துக்காட்டு. ஆதாரம்: வீ.

வாக்கியத்தை வெட்டி எடுத்துக்காட்டுப் பெட்டியில் ஒட்டினாள். ஒட்டும்வரை அதைப் படிக்கவில்லை. நெளிகோட்டை நிரப்பத்தான் படித்தாள்.

*பிள்ளை நடக்கிற வரைக்கும் இந்த ஒன்றரை ஜன்னல் வீட்டில் ~, அப்புறம் பார்.*

கை விசைப்பலகையின்மேல் அப்படியே நின்றது.

அவர்கள் வீட்டின் முன்னறையில் ஒரு ஜன்னல் முழுசு. இன்னொன்றைப் பக்கத்துக் கட்டடம் எழும்பியபோது பாதிவரை செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள். அதை ஒன்றரை ஜன்னல் வீடு என்று சொன்னது உலகத்தில் ஒரே ஒருத்தி. அக்காவிடம், போனில், சமையலறைச் சுவரில் சாய்ந்துகொண்டு, இடுப்பில் ஒரு வயதுக் குழந்தையோடு. பதின்மூன்று வருஷமிருக்கும். உள்ளறையில் அவர் காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு ஒலிப்பதிவு கேட்டுக்கொண்டிருந்தார். அதனால்தான் அன்று அவ்வளவு பேசினாள்.

குழந்தைக்கு இப்போது பதினான்கு. பள்ளிக்கூட அணியில் ஓடுகிறாள். அம்மாவின் மொழி அவளுக்குப் பாதிதான் தெரியும், தமிழ் முழுக்கத் தெரியும். இணையத்தில் ஏறியதும் முதல் ஆளாக அப்பாவின் அகராதியைத் தோண்டப் போகிறவளும் அவள்தான். இப்போதே தோழிகளிடம் சொல்லிவைத்திருக்கிறாள். ஒன்றரை ஜன்னல் என்று படித்ததும் தலையைத் தூக்கி முன்னறையைப் பார்ப்பாள். பிறகு, பிள்ளை என்றால் யார் என்று யாரும் அவளுக்கு விளக்க வேண்டியதில்லை.

"என்ன, சிக்கலா?" பக்கத்து மேசைக்காரி எட்டிப் பார்த்தாள். வாக்கியத்துக்கு அடியில் இருந்த ஆங்கிலத்தைப் படித்துவிட்டு, "அட, நல்லாருக்கே! யாரோ பாவம், நல்லா சொல்லியிருக்கா" என்றாள்.

"ஆமா" என்றாள் அவள்.

அரைப்புள்ளியிடம் போய், எடுத்துக்காட்டு ஒன்றை நீக்கலாமா என்று கேட்டாள்.

"நீக்கலாம்மா, ஆனா காரணம் எழுதணும், எழுதினா அது தொகுப்பாசிரியருக்குப் போகும், அவர் சரின்னா சரி, உங்களுக்கென்ன, வீட்டுக்குள்ளேயே முடிச்சுக்கலாம், ஆனா ஒண்ணு, சான்று இல்லாத பொருளை நாம போடறதில்லை, வேற வாக்கியம் இருந்தா மாத்திக்கலாம், இல்லேன்னா அந்தப் பொருளே போயிடும்..."

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது மகள் பயிற்சியிலிருந்து வரவில்லை. அவர் மேசையில் சொல் குறித்த சீட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். அவள் கைப்பையைக்கூட இறக்கவில்லை.

"ஒரு பதிவுல சந்தேகம். ஆதாரம் வீ-ன்னு இருக்கு."

"வீட்டுப் பேச்சு. முன்னுரைப் பட்டியல்ல இருக்குமே."

"யாரு வீட்டுப் பேச்சு?"

அவர் சீட்டுகளின் ஓரத்தைத் தட்டிச் சமன் செய்தார். எந்தப் பதிவு என்று கேட்கவில்லை. அதிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"காதுல ஹெட்ஃபோன் இருந்துதே."

"டேப் முடிஞ்சிருந்தது. கழட்டலை."

கோபம் வரும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தாள். வரவில்லை. இத்தனை வருஷம் அவளுக்கென்று உள்ளே ஓர் அறை இருந்தது. அங்கே இவருக்குத் தெரியாமல் போய் நின்று வருவாள். அந்த அறைக்கு ஆரம்பத்திலிருந்தே கதவில்லை என்று இப்போது சொல்கிறார்.

"பதிமூணு வருஷம். ஒரு வார்த்தை கேக்கலையே என்கிட்ட."

"என்ன கேக்கச் சொல்றே? கேட்டா நீ போறேன்னு சொல்லியிருப்பே." சீட்டுகளைக் கீழே வைத்துவிட்டு, "அதான் எழுதி வெச்சுட்டேன்" என்றார்.

"புத்தகத்துலயா எழுதி வைப்பாங்க?"

"எனக்கு வேற எங்க எழுதத் தெரியும்?" அவர் நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் சாமர்த்தியம் எதுவும் இல்லை. "வேண்டாம்னா எடுத்துடு. நான் சரின்னு போட்டுடறேன். ஆனா அந்தப் பொருளுக்கு என்கிட்ட வேற சான்று கிடையாது. எங்க போய்க் கேட்டாலும் தண்ணிக்கு மட்டுந்தான்னு சொன்னாங்க."

வாசலில் செருப்புச் சத்தம். மகள் வியர்வையோடு உள்ளே வந்து பையை எறிந்துவிட்டு, "ரெண்டு பேரும் ஏன் இப்படி நிக்கறீங்க, கரன்ட் போச்சா?" என்றாள்.

மறுநாள் மதிய இடைவேளையில் அவள் மாடிப்படியில் உட்கார்ந்து அக்காவுக்கு போன் போட்டாள். அவர்கள் மொழியில்தான் பேசினார்கள். அந்த வினைச்சொல்லைச் சொல்லி, மனுஷர்களுக்கு அதை யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறாயா என்றாள்.

அக்கா சிரித்தாள். "கேட்டிருக்கேனாவா? ஏன்டி, நாம வேற என்ன பேசியிருக்கோம்? அம்மா சொல்லாத நாளுண்டா? அத்தை சொல்லுவா. சின்னவ போன வாரங்கூடச் சொன்னா. நான் இன்னைக்குக் காலையில சொன்னேன், பால் காய்ச்சும்போது."

"என்ன சொன்னே? அப்படியே சொல்லு."

அக்கா சொன்னாள். அவளுடையதைவிடச் சின்ன வாக்கியம், அதைவிடக் கூர்மை. அவள் அதைக் கைக்குட்டைபோல் மடித்திருந்த தாளில் எழுதினாள். இதைப் போட்டால் தீர்ந்தது. சான்று இருக்கும், பொருள் நிற்கும், ஒன்றரை ஜன்னல் போய்விடும். மகள் எதையும் நிமிர்ந்து பார்க்க வேண்டாம்.

"எதுக்குடி கேக்கறே?"

சொல்லாமலும் இருந்திருக்கலாம். "அகராதிக்கு. தமிழ்ல வரப்போகுது. உன் வாக்கியத்தைப் போட்டுக்கட்டுமா? பேரு வராது."

மறுமுனையில் பாத்திரச் சத்தம் நின்றது. "வேண்டாம்டி. உங்க அத்தான் படிப்பார்."

"பேரு வராதுக்கா."

"பேரு எதுக்கு? பேச்சு தெரியாதா அவருக்கு? அம்மா சொல்றதும் அத்தை சொல்றதும் வேண்டாம், அப்பா இருக்காரு. சின்னவளைக் கேக்கவே கேக்காதே, அவ வீட்டு நிலைமை உனக்குத் தெரியும். நீயே ஏதாச்சும் ஒண்ணு எழுதிக்கோயேன், உனக்கென்ன குறைச்சல்? உன் வீட்டுக்காரர் தங்கம்."

நான்கு பேர். நான்கு பேரும் தினமும் சொல்கிறார்கள், நான்கு பேரும் எழுத விட மாட்டார்கள். அவர் எங்கெங்கோ போய்க் கேட்டபோது, தண்ணீருக்கு மட்டும்தான் என்று சொன்ன பெண்களின் முகங்கள் அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தன. பின்னால் யாராவது நின்றிருப்பார்கள்.

கையிலிருந்த தாளைப் பார்த்தாள். அக்காவின் வாக்கியம். அதை எடுத்துப் போட்டால், கழற்றாத ஹெட்ஃபோனுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? கிழித்து, கிழித்ததை மறுபடி கிழித்து, கீழே போய்க் குப்பைக்கூடையில் போட்டாள்.

எடுத்துவிடலாம். எடுத்தால் அந்தச் சொல் தண்ணீருக்கு மட்டும் என்று ஆகிவிடும். அப்படி யாரும் எங்கேயும் இருந்ததேயில்லை என்று ஆகிவிடும்.

இடத்துக்கு வந்து உட்கார்ந்தாள். வாக்கியத்தைத் தமிழில் எழுதினாள். ஒன்றரையை இரண்டாக்கவில்லை, பிள்ளையை வேறு யாராகவும் ஆக்கவில்லை. நெளிகோடு இருந்த இடத்தில் எந்தத் தமிழ்ச் சொல்லும் சரியாகப் பொருந்தவில்லை. 'கிடக்கிறேன்' என்று போட்டாள். 'அப்புறம் பார்' என்பதை மட்டும் மூன்று தடவை அழித்து எழுதி, கடைசியில் முதலில் எழுதியதையே வைத்தாள். மகளிடம் தானே இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும், அவளாகக் கண்டுபிடிப்பதற்குள். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

பிறகு வழக்குக் குறிப்புக்குப் போனாள். தொகுப்பாசிரியருக்கான குறிப்புப் பெட்டியைத் திறந்து எழுதினாள்: 'அரிய வழக்கு என்பதை நீக்க வேண்டும். எனக்குத் தெரிந்தே நான்கு பேர் அன்றாடம் சொல்கிறார்கள். வாக்கியம் தர மாட்டார்கள்.'

அனுப்பினாள். வீட்டில் அவர் போன் ஒலித்திருக்கும். முக்கால் மணி நேரம் பதில் இல்லை. பக்கத்து மேசைக்காரி தேநீர் வாங்கிவந்து வைத்தாள், அது ஆறியது. பிறகு பெட்டியில் ஒரே ஒரு சொல் வந்தது.

'ஏற்கப்பட்டது.'

பதின்மூன்று வருஷத்தில் அந்த வாக்கியத்தைப் பற்றி எழுத்தில் அவர்கள் பேசிக்கொண்டது அவ்வளவுதான். அவள் 'அரிய வழக்கு' என்பதைத் தேர்ந்து அழித்தாள். 'பெண்கள் வழக்கு' மட்டும் அடைப்புக்குள் தனியாக நின்றது. சேமி என்பதை அழுத்தினாள்.

திரை தானாக அடுத்த பதிவுக்கு நகர்ந்தது. பெயர்ச்சொல். ஒரே பொருள், எடுத்துக்காட்டு எதுவும் இல்லை. அதை முடிக்க அவளுக்கு இரண்டு நிமிஷம் ஆயிற்று.