மேடம் திறக்காத நான்காம் வரைவு

“முன்பு சொன்ன எதையும் நீ செய்யவில்லை. இந்தப் பருவத்தில் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க வேண்டாம்.”

நெறியாளர் மேடத்தின் மின்னஞ்சலைப் படித்ததும் ஆய்வு மாணவியான அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சமர்ப்பித்தால்தான் கிடைத்திருக்கும் வேலையில் சேர முடியும். நாற்காலியைத் தள்ளி எழுந்தாள்.

“நேரா போய் நாலு கேள்வி கேட்டுட்டு வரேன்க்கா.”

“கேளு. அப்படியே வீட்டுக்கும் போயிடு,” என்றாள் எதிர் மேசையில் இருந்த மூத்த ஆய்வு மாணவி. “வாய்ச் சண்டையில அவங்கதான் ஜெயிப்பாங்க. இதுவரைக்கும் என்னென்ன சொன்னாங்கன்னு முதல்ல எடுத்து வை.”

பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பதிலுக்குள் பதிலாக நீண்டு கிடந்த அஞ்சல்களிலிருந்து ஒவ்வொரு கருத்தையும் ஒரு வரியாகப் பிரித்துப் பட்டியல் போட்டாள். எந்த அஞ்சல், எந்த இயல், எந்தப் பக்கம், முடிந்ததா இல்லையா. தேதிப்படி அடுக்கிப் பார்த்தால், முதல் வரியில் கால்புள்ளியைத் திருத்து, கடைசி வரியில் வீட்டையே இடித்துக் கட்டு என்று இருந்தது. வெட்டப்போகிற பத்தியை எவள் மெருகேற்றுவாள்? கட்டமைப்பு பற்றிய வரிகளை மேலே ஏற்றினாள். அடுத்து பகுப்பாய்வு, பிறகு மொழிநடை, கடைசியில் மேற்கோள் பட்டியல். திரும்பத் திரும்பச் சொன்னவற்றை ஒன்றாக்கினாள்.

கடைசி அஞ்சலில் ஒரு குறிப்பு: அறுபத்திரண்டாம் பக்க அட்டவணைக்குத் தலைப்பு இல்லை. அவளுடைய நான்காம் வரைவில் அந்தப் பக்கத்தில் அட்டவணையே இல்லை. இரண்டாம் வரைவைத் திறந்தாள். அங்கே தலைப்பில்லாமல் நின்றது. மேடம் பழைய அஞ்சலுக்குப் பதில் எழுதியிருக்கிறார், அதோடு இருந்த பழைய வரைவைப் படித்துவிட்டு.

“அக்கா, பழசைத் திறந்து வச்சு என்னை வெளுத்திருக்காங்க.”

“எல்லாமே பழசா?”

ஒவ்வொரு வரியையும் புது வரைவோடு ஒத்துப் பார்த்தாள். பெரும்பாலானவை முடிந்திருந்தன. சில நிஜமாகவே பாக்கி. ஒன்று மட்டும் முட்டியது. ஆய்வுக்காக, வேலையை விட்ட செவிலியரிடம் அவள் எடுத்த பேட்டிகளைப் பின்னிணைப்புக்குத் தள்ளச் சொன்னது முந்தைய அஞ்சல், தள்ளியிருந்தாள். அவைதான் நான்காம் இயலின் உயிர், விரிவாக்கு என்றது கடைசி அஞ்சல். முடிவுரையும் ஆய்வுச் சுருக்கமும் அதைப் பொறுத்தே மாறும். அதை முதல் வரியில் கேள்வியாக வைத்துப் பட்டியலை அச்செடுத்து, மேடத்தின் அறைக்குப் போனாள்.

மேடம் தாளைப் புரட்டினார். “நீ புது வரைவை அனுப்பவே இல்லையே.”

“அனுப்பினேன் மேடம். தேதி ஓரத்துல இருக்கு.”

மேடம் திரையில் வெகுநேரம் தேடினார். “சரி, விடு. பேட்டி உள்ளேயே இருக்கட்டும்.”

“வெளியே தள்ளச் சொன்னதும் நீங்கதான்.”

“இப்ப உள்ளேன்னு சொல்றேன்.”

“அதை மெயில்ல போடுங்க மேடம். இந்தப் பருவமே சமர்ப்பிக்கலாம்னும் போடுங்க.”

மேடம் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். அவள் நகரவில்லை. “பாக்கியை முடிச்சாதான்,” என்று முணுமுணுத்து, மேடம் தட்டச்சு செய்தார்.

அறைக்குத் திரும்பியபோது அஞ்சல் வந்திருந்தது. இரண்டே வரி, வருத்தம் என்ற சொல் மருந்துக்கும் இல்லை.

“ஜெயிச்சுட்டியே, சிரியேன்டி.”

“எதுக்குச் சிரிக்க? அவங்க படிக்காததுக்கு நான்தானே மறுபடி இயலைப் பிரிச்சு மேயணும்.”

பட்டியலின் முதல் வரியில் மேடத்தின் முடிவை எழுதிவிட்டு, விசைகள் அலறத் தட்டி, பின்னிணைப்பிலிருந்து முதல் பேட்டியை வெட்டி எடுத்தாள்.