தூரத்து ஷாட்

மங்கலான முகத்தைக் கூர்மையாக்கும் ஏ.ஐ. மாடலுக்கு எங்கள் ஸ்டூடியோவில் ‘பியூட்டி பார்லர்’ என்று பெயர். வைத்தவன் நான்தான். அதைக் கண்டாலே எனக்கு எரிச்சல். ஆனால் அது இல்லாமல் பிழைப்பு ஓடாது.

நாங்கள் வேலை பார்த்த ஒரு படம் முடிவதற்குள் அதன் நடிகன் விபத்தில் போய்விட்டான். கடைசிக் காட்சியில் வேறொருவரை நடிக்க வைத்து, அவர் முகத்தில் இவன் முகத்தைப் பொருத்துவது என் வேலை. அவனுக்கு இருந்தது அக்கா ஒருத்திதான். சம்மதம் கொடுக்கும்போது அவள் கேட்டது ஒன்றே ஒன்று: தம்பி தம்பியாகவே இருக்க வேண்டும்.

முகம் மாற்றும் மாடல் நூற்றிருபத்தெட்டுக்கு நூற்றிருபத்தெட்டு புள்ளிகளில்தான் முகத்தைத் தரும். திரை நிறைக்கும் குளோசப்பில் அதை இழுத்து ஒட்டினால் ஒரே கலங்கல். பார்லருக்கு அனுப்பினேன். இமை முடி, தோல் துளை எல்லாம் பளிச்சென்று வந்தன. அவை தொலைந்து திரும்பக் கிடைத்தவை அல்ல. எவரெவர் முகங்களையோ பார்த்துப் பழகிய மாடல், இங்கே இப்படித்தான் இருக்கும் என்று தானாகப் போட்டவை. ஆனாலும் அவனுடைய படத்தோடு முகத்தை ஒப்பிடும் மென்பொருளில் மதிப்பெண் அருமையாக வந்தது. டைரக்டர் தோளில் தட்டினார்.

அக்கா வந்து பார்த்தாள். மறுபடி போடச் சொல்லிப் பார்த்தாள்.

“அழகாத்தான் இருக்கான். ஆனா இது யாரு?”

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. மதிப்பெண்ணைக் காட்டி வாதாடினேன். அவள் தன் ஃபோனில் ஒரு படத்தை எடுத்து நீட்டினாள். இடுங்கிய கண்கள், பரந்த மூக்கு.

“எங்க அப்பா மூக்கு அது. அத எதுக்கு மெலிய வச்சீங்க?”

நான் ஒப்பிட்ட படத்தைத் திறந்தேன். அதிலும் மூக்கு மெலிந்திருந்தது. பழைய படம், மங்கலாக இருக்கிறதே என்று அதையும் ஆரம்பத்திலேயே பார்லருக்கு அனுப்பிவிட்டிருந்தேன். முகம் எடுத்ததும் அதிலிருந்துதான், சரிபார்த்ததும் அதோடுதான். மதிப்பெண் வராமல் என்ன செய்யும்? படப்பிடிப்பில் அவனோடு எத்தனை நாள் டீ குடித்திருக்கிறேன்! எனக்கே அவன் முகம் மறந்து போயிருந்தது. வெட்கமாக இருந்தது, அதைவிட அழுகையாக வந்தது.

பார்லர் கைபடாத படங்களை வைத்து மறுபடி செய்தேன். கலங்கலாக இருந்தாலும் அவன் வந்தான். பார்லரைக் கொஞ்சம் கூட்டினால் கூர்மை வந்தது, அவன் போனான். குறைத்தால் அவன் வந்தான், கூர்மை போனது. பாதிக்குப் பாதி கலந்தபோது ஒன்றுவிட்ட தம்பி மாதிரி இருந்தான். இந்தக் கலங்கலைத் தியேட்டரில் போட முடியாது என்று டைரக்டர் கையை விரித்தார்.

அதே காட்சியைத் தூரத்திலிருந்தும் எடுத்திருந்தார்கள். தெருக்கோடியில் நின்று கையசைப்பான். அந்தச் சின்ன முகத்துக்கு மாடல் தரும் புள்ளிகளே போதும், பார்லர் வேண்டாம். அதை அக்காவிடம் சொன்னேன்.

“கிட்டக்க ஒரு தடவ பாக்கலாம்னுதான் ஒத்துக்கிட்டேன்” என்றாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “பரவால்ல. தூரமாவே நிக்கட்டும். அவனா இருந்தா போதும்.”

ஷாட்டை ஓடவிட்டேன். தெருக்கோடியில் அவன் திரும்பிக் கையசைத்தான். அக்கா நாற்காலியைத் திரைக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.