தலைப்பு மட்டும் தமிழில்

"ரெண்டு நாள் எங்க அம்மா வீட்ல இருந்துட்டு வர்றேன் அத்தை."

"புள்ள செத்துல்ல பொறந்துச்சு, உனக்கு எதுக்குடி ஓய்வு? எழுந்து அடுப்பைப் பத்த வை."

மூன்று வருடம் ஆகியும் மாமியார் சூசைமேரியின் அந்தக் குரல் ஞானமேரிக்கு மறக்கவில்லை. தனிக்குடித்தனம் போகலாம் என்று கணவனிடம் கெஞ்சும்போதெல்லாம், "எங்கம்மாகிட்ட நீயே கேட்டுக்கோ" என்று இன்னாசிராஜ் திரும்பிப் படுத்துக்கொள்வான். அவளுக்குக் கேட்கத் தைரியம் வந்ததில்லை.

மரக்காணம் உப்பளச் சங்கத்தில் ஞானமேரி தமிழ்த் தட்டச்சர். சூசைமேரி அதே உப்பளத்தில் உப்பு சுமப்பவள். டோக்கன் நம்பர் நாற்பத்தொன்று.

எழுபத்தொன்றாம் ஆண்டு மாசியில், உப்பு சுமப்பவர்களின் போன வருடக் கணக்கைப் பழைய மணங்கு எடையிலிருந்து குவிண்டாலுக்கு மாற்றி, இனி யாருக்கு வேலை உண்டு, யாருக்கு இல்லை என்று தலைமை அலுவலகம் ஆங்கிலத்தில் ஓர் அட்டவணை அனுப்பியது. ஆட்கள் படிக்கும்படி சுவரில் ஒட்ட வேண்டும்.

"தலைப்பும் வகைப் பேரும் தமிழ்ல வரணும்மா," என்றார் மேலாளர் ஆதிமூலம். "நம்பர் எல்லாம் வந்தபடியே இருக்கட்டும். தப்பு தெரிஞ்சா தனிச் சீட்டுல எழுதிக் குடு. நீயா திருத்தாதே."

டோக்கன் எண், வேலை செய்த நாள், சுமந்த உப்பு, வகை என்று தலைப்புகளை அடித்தாள். வகை இரண்டே: தொண்ணூறு நாளும் அதற்கு மேலும் வந்தவர் 'தொடர்பவர்', குறைந்தவர் 'நீக்கப்படுபவர்'.

நாற்பத்தொன்றில் விரல் நின்றது. நாள் 14, உப்பு 564 குவிண்டால். ஒரு நாளைக்கு நாலு குவிண்டால் சுமந்தாலே முதுகு ஒடியும். பதினாலு நாளில் இத்தனையா? அலமாரியிலிருந்த வருகைப் பதிவேட்டைப் புரட்டினாள். 141. தலைமை அலுவலகத்தில் யாரோ அடிக்கும்போது கடைசி ஒன்று விடுபட்டுவிட்டது.

சீட்டு எடுத்தாள். அதில் எதுவும் எழுதாமல் இழுப்பறையில் போட்டாள். 14 என்றே அடித்தாள், எதிரே, 'நீக்கப்படுபவர்'.

"எல்லாம் சரியாம்மா?"

"வந்தபடியே இருக்கு சார்."

ஆட்சேபம் சொல்ல சனிக்கிழமை வரை நேரம். ஆங்கிலப் பட்டியலாக இருந்திருந்தால் சூசைமேரிக்கு ஒன்றும் விளங்கியிருக்காது. கோயிலில் ஜெபப் புத்தகம் வாசித்துப் பழகியவள், வெள்ளிக்கிழமை மதியம் சுவரில் தன் வரியை எழுத்துக்கூட்டி வாசித்தாள். பின்னால் நின்ற இன்னொரு உப்புச் சுமைக்காரி தையல்நாயகி சிரித்தாள்.

"இன்னாக்கா, மருமவளே உன்னை வூட்டுக்கு அனுப்பிட்டாளா?"

உப்பு காய்ந்து வெடித்த பாதங்களோடு சூசைமேரி தட்டச்சு மேசைக்கு வந்தாள்.

"பதினாலு நாளாடி? காய்ச்சல்லகூட நான் நின்னதில்லியே. சார்கிட்ட சொல்லுடி. நான் சொன்னா கூலிக்காரி பொய் சொல்றாம்பாங்க."

"தலைப்புதான் அத்தை என் வேலை. நம்பர்ல நான் கை வைக்கக் கூடாது."

"உனக்குத் தெரியாதா? தினம் விடியறதுக்குள்ள நீதானே எனக்குக் கஞ்சி ஊத்துறே?"

ஞானமேரி பதிவேட்டை எடுத்து அந்தப் பக்கத்தைக் காட்டினாள்.

"தெரியும். மூணு நாளாத் தெரியும்."

சூசைமேரி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

ஞானமேரி வெற்றுச் சீட்டை வெளியே எடுத்துப் பேனாவைத் திறந்தாள்.

"இப்பவே எழுதிக் குடுக்கறேன் அத்தை. எங்களைத் தனிக்குடித்தனம் விட்டுடுங்க."