மணியம் வாங்க மறுத்த உத்தரவு

கடிதத்தில் கையெழுத்துப் போட்டவன் கெட்டான் என்பது அப்புசாமி மாமாவின் வேதம். பாயா ரும்புட் ஊர்க் காப்பிக்கடையில் தினமும் நாலு மணிக்கு அது ஓதப்படும். ஒரு காலத்தில் தோட்டத் தொழிற்சங்கக் கிளைச் செயலாளராக இருந்தவர். அவர் கைவைத்த வழக்கு எதுவும் ஜெயித்ததாக யாரும் கேள்விப்பட்டதில்லை. அப்பேர்ப்பட்டவரிடம் யோசனை கேட்டால் விளங்குமா? மணியம் கேட்டான்.

மணியம் ஒரு கையுறைத் தொழிற்சாலைக் கிடங்கில் இருபத்திரண்டு வருஷமாகச் சரக்குத் தூக்கும் போர்க்லிப்ட் வண்டி ஓட்டுகிறவன். கோயில் திருவிழாவன்று, தொழிற்சாலைக்குப் பக்கத்துச் சாலையோர லோங்காங் சாக்கடையில் தேர்ச்சக்கரம் இறங்கிவிட்டது. ஆண்டவனைக் கோணலாக நிறுத்தலாமா என்று, கம்பெனி போர்க்லிப்டை வாசலைத் தாண்டி ஓட்டிப்போய்ச் சக்கரத்தைத் தூக்கிவிட்டான். கூட்டம் அரோகரா போட்டது. ஒரு புண்ணியவான் அதைப் படம்பிடித்து ஊருக்கெல்லாம் அனுப்ப, மேனேஜருக்கும் தரிசனம் கிடைத்தது.

குற்றச்சாட்டு இரண்டு. அனுமதியில்லாமல் வண்டியை வெளியே கொண்டுபோனது ஒன்று. திரும்பி வா என்ற சூப்பர்வைசர் சொல்லை மீறியது மற்றொன்று. மூன்று பேர் உட்கார்ந்து அரை நாள் விசாரித்தார்கள். அதில் ஒருவர், தேருக்குச் சாலை பெர்மிட் இருந்ததா என்று மணியத்தைக் கேட்டார். முடிவு கடிதமாக வரும், அதுவரை வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள். வேலை போய்விடுமோ என்று பயந்து மணியம் அப்புசாமி மாமாவிடம் ஓடினான்.

மார்ச் மூன்றாம் தேதி ஆபீசுக்கு அழைத்தார்கள். ஊழியர் பிரிவு அதிகாரி வதனா ஒரு கவரை நீட்டி, நகலில் கையெழுத்துக் கேட்டாள். மணியம் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"அண்ணே, இது லெட்டர் கிடைச்சதுக்குத்தான் சைன். தப்பை ஒத்துக்கிட்டதா அர்த்தம் இல்ல. படிச்சாவது பாருங்களேன்."

"எனக்குச் சட்டம் தெரியும் மேடம்" என்றான் மணியம்.

வதனா பெருமூச்சு விட்டாள். வாங்க மறுத்தார் என்று நகலில் எழுதி, இரண்டு சாட்சிகளிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, கடிதத்தைப் பதிவுத் தபாலில் வீட்டுக்கு அனுப்பிவைத்தாள். மூன்றாம் நாள் தபால்காரர் வந்தபோது மணியத்தின் மனைவி பவானேஸ்வரி கையெழுத்துப் போட்டு வாங்கிவிட்டாள். மணியம் தலையில் அடித்துக்கொண்டான். பிரிக்காத கடிதம் வராத கடிதம் என்று அப்புசாமி மாமா தீர்ப்புச் சொன்னதால், கவர் சாமி மேடையில் முருகன் படத்துக்குப் பின்னால் போனது.

அப்புறம் என்ன, கடிதம் வராத கணக்கில் வீட்டோடு ஐயா ராஜாதான். தேரைத் தூக்கிய மணியம் என்று ஊரில் பேர். கம்பெனி நம்பரிலிருந்து கூப்பிட்டால் எடுக்கமாட்டான். மாதக் கடைசியில் இன்னொரு பதிவுக் கடிதம் வந்தது, அதன் பின்னால் மூன்றாவதும் வந்தது. எல்லாம் முருகனுக்குப் பின்னால். கம்பெனிக்குப் பயம் வந்துவிட்டது, அதுதான் கடிதமாகப் போட்டுத் தள்ளுகிறார்கள் என்றார் மாமா. அன்றைக்குக் காப்பி மணியத்தின் செலவு.

ஏப்ரலில் ஒரு வெள்ளிக்கிழமை சாமி மேடையைத் துடைத்த பவானேஸ்வரிக்குப் பொறுமை போய்விட்டது. முதல் கவரைக் கிழித்து, மலாயில் இருந்ததைத் தமிழில் சத்தமாகச் சொன்னாள். முதல் குற்றச்சாட்டு நிரூபிக்கப்பட்டது. இரண்டாவது நிரூபிக்கப்படவில்லை. நீண்டகால நற்சேவையைக் கருதி வேலைநீக்கம் இல்லை. கடைசி எச்சரிக்கையும், மார்ச் நாலு முதல் பதினேழு வரை சம்பளமில்லாத இடைநீக்கமும். பதினெட்டாம் தேதி வேலைக்குத் திரும்பவேண்டும். மேல்முறையீடு செய்வதானால், கிடைத்த ஏழு நாளுக்குள் பொது மேலாளருக்கு எழுதலாம்.

"வேலை இருக்குங்க" என்றாள், கண் கலங்கி.

மணியத்துக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. பதினெட்டாம் தேதி என்ற சொல் அப்புறம்தான் உறைத்தது. இரண்டாவது கவரில், ஏன் வேலைக்கு வரவில்லை என்று விளக்கம் கேட்டிருந்தார்கள். மூன்றாவதில், அனுமதியோ தகவலோ இல்லாமல் தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் வராததாலும், விளக்கம் தராததாலும், வேலை ஒப்பந்தத்தை அவனே முறித்துவிட்டதாக எழுதியிருந்தது.

காப்பிக்கடைக்கு ஓடினான். அப்புசாமி மாமா மூன்று கடிதத்தையும் கண்ணாடி போட்டுப் படித்தார். பெரிய யோசனையோடு தாடையைத் தடவினார்.

"நீ அன்னைக்கே சைன் பண்ணி வாங்கியிருக்கலாம்லா, மணியம்."

மணியம் அவரை அடிக்காமல் வந்ததே பெரிய விஷயம். நேரே தொழிற்சாலைக்குப் போனான். வாசலில் வேலை அட்டையைக் காட்டியும் கதவு திறக்கவில்லை. காவலாளிதான் உள்ளே விட்டார். வதனா கடிந்து பேசவில்லை, அதுவே அவனுக்கு வலித்தது. முடிவெடுத்தாகிவிட்டது, கம்பெனியில் இனி ஒன்றும் செய்யமுடியாது என்றாள். தொழில் உறவுத் துறையில் அறுபது நாளுக்குள் மனுக் கொடுக்கலாம், ஆனால் மூன்று கடிதத்தையும் ஏன் பிரிக்கவில்லை என்று அங்கேயும் கேட்பார்கள் என்றாள். பிறகு அவனுடைய லாக்கர் சாமான்கள் இருந்த பையை மேசையில் வைத்து, பெற்றுக்கொண்டதற்கான தாளை நகர்த்தினாள். இதைப் படித்துப் பாருங்கள் என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் மணியம் பேனாவை எடுத்துவிட்டான்.

"எங்க சைன் பண்ணணும், மேடம்?"