அவசரக் கதவுக்கு ஒரு ஆள்

கற்பிட்டிப் பக்கம் இறால் பண்ணை வைத்திருக்கும் ஹாசிமுக்கு உயரம் ஆறடி இரண்டங்குலம். வலது முழங்கால் போன நோன்பிலிருந்தே அவர் சொல் கேட்பதில்லை. மகள் ஸும்ராவைப் பார்க்க மனைவி ஸஹ்றா டீச்சரோடு டோஹாவுக்குப் போக வேண்டும். நாலரை மணி நேரம் காலை எங்கே வைப்பது என்பதுதான் அவருடைய கவலை.

மதுரங்குளிச் சந்தியில் டிக்கெட் போடும் சிபானா, கணினியில் விமானத்தின் படத்தைத் திறந்து காட்டினாள்.

"நாநா, ஒங்கட டிக்கெட் மலிவு டிக்கெட். சும்மா விட்டா செக்-இன் நேரம் கொம்பியூட்டரே ஒரு சீட் போடும், காசில்ல. நாப்பத்தெட்டு மணித்தியாலத்துக்கு முந்தி செக்-இன் திறக்கும். அப்ப மிச்சம் கிடக்கிற சாதாரண சீட்டுல விரும்பினதையும் எடுக்கலாம். இப்பவே புடிக்கிறண்டாத்தான் காசு."

"கால் நீட்ட எது நல்லம்?"

"அவசரக் கதவு வரிசை. அது எப்பவும் காசுதான். ஆனா எல்லாருக்கும் குடுக்க மாட்டாங்க. ஏதும் நடந்தா அந்தக் கதவத் திறந்து சனத்த எறக்க ஒதவணும். சின்னப் புள்ளையள், புள்ளத்தாச்சியள், கைக்குழந்தையோட வாறவங்க, ஏலாதவங்க இரிக்கேலாது. ஒங்களுக்கு ஏலும்தானே?"

"ஏலாமலா," என்றார் ஹாசிம். சிபானா திரையில் உறுதிமொழியை வாசித்துக் காட்டினாள். அவர் தலையாட்ட, அவள் சரி போட்டாள்.

"டீச்சருக்கும் ஒண்டு எடுக்கவா?"

"அவவுக்கு நீட்ட என்ன இரிக்கி?"

ஸஹ்றாவின் உயரம் நாலடி பத்து. அவருக்குக் கணினி பிறகு இருபத்தேழாம் வரிசையில் நடு இருக்கையைப் போட்டது.

சிபானாவிடம் ஹாசிம் சொல்லாத ஒன்று இருந்தது. அதே வாரம் ஸும்ராவிடம் சொல்லி, விமான நிலையத்தில் தனக்கொரு சக்கர நாற்காலிக்கும் பதிவு செய்திருந்தார். சக்கர நாற்காலிக்காரர்களுக்கு வரிசை இல்லை என்று பள்ளிவாசலில் யாரோ சொல்லியிருந்தார்கள்.

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் ஒருவர் தள்ளிக்கொண்டு வர, ஹாசிம் மாப்பிள்ளை போல கவுண்டருக்கு வந்து சேர்ந்தார். அங்கே இருந்தவர் சிலாபத்து அமல்ராஜ். திரையைப் பார்த்தார், சக்கர நாற்காலியைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார்.

"ஐயா, உங்களுக்கு நடக்க ஏலாதா?"

"நல்லா நடப்பன்."

"அப்ப ஏன் வீல்செயார்?"

"தூரம் நடந்தா முழங்கால் புடிக்கிது."

"அப்ப ஏன் அவசரக் கதவு?"

"முழங்கால நீட்டத்தான்."

அமல்ராஜ் முகத்தை மாற்றவில்லை. "அந்தக் கதவு பதினைஞ்சு கிலோ வரும். தூக்கி வெளியில எறியோணும். பிறகு இறக்கையில ஏறி மற்றவங்களையும் இறக்கோணும்."

"அப்ப வீல்செயார் வாணாம். தள்ளிட்டுப் போங்க," என்று சொல்லி ஹாசிம் எழுந்தார். முழங்கால் சொடக்கென்றது. பின்னால் வரிசையில் நின்றவர்களுக்கும் அது கேட்டது. அவர் இரண்டு கையாலும் கவுண்டரைப் பிடித்துக்கொண்டார்.

"பொய் சொல்லாதீங்க," என்றார் ஸஹ்றா. "தொழுறதும் கதிரையில குந்தித்தான். காலையில சொக்ஸ் போட்டு உட்டதும் நான்தான்."

"இந்தக் கதைய இஞ்ச வெச்சித்தான் கதைக்கணுமா?"

"தம்பி கேக்கிறாரே."

அமல்ராஜ், அந்த இருக்கையை அவருக்குத் தர முடியாது என்றார். காசும் திரும்பாது. தகுதி இருக்கிறது என்று அவரே ஒப்புக்கொண்டுதான் எடுத்திருக்கிறார்.

"அப்ப அந்த சீட் சும்மா கிடக்குமா?" என்று கேட்டார் ஸஹ்றா.

அமல்ராஜ் அவரைப் பார்த்தார். "ஒரே புக்கிங்தானே. அம்மாவுக்கு மாத்தித் தரலாம். உடம்புக்கு ஏதும் வருத்தம்? இங்கிலீஷில சொன்னா விளங்குமா?"

"வருத்தம் ஒண்டுமில்ல. இருபத்தாறு வருஷம் இங்கிலீஷ்தான் படிப்பிக்கிறன்."

"தேவைப்பட்டா உதவி செய்வீங்களா?"

"ஓம், செய்வன்."

ஹாசிம் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார்.

விமானத்தில் பணிப்பெண் வந்து ஸஹ்றாவின் கைப்பையை மேலே வைத்தாள். அந்த வரிசையில் காலடியில் எதுவும் இருக்கக் கூடாதாம். கதவை எப்போது திறக்க வேண்டும், எப்போது திறக்கவே கூடாது என்று ஆங்கிலத்தில் விளக்கினாள். ஸஹ்றா இரண்டு கேள்வி கேட்டார். பிறகு பக்கத்து இருக்கை இளைஞனிடம் விளங்கியதா என்று கேட்டு, அவனையே திருப்பிச் சொல்லச் சொன்னார்.

இருபத்தேழாம் வரிசையில், குறட்டை விடும் இருவருக்கு நடுவில், ஹாசிமின் முழங்கால்கள் முன் இருக்கைக்காரரின் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தன. ஒரு மணி நேரம் பொறுத்துவிட்டு, இருக்கைகளைப் பிடித்துப் பிடித்து நொண்டி வந்தார்.

"கொஞ்ச நேரம் மாறி இரிப்பமா?"

"ஏலாது. நீங்க இரிக்கக் கூடாதாம்."

"ஒனக்குக் கால் நிலத்திலயே முட்டலியே."

"அதுதான் சொகம்," என்றார் ஸஹ்றா, காலை ஆட்டிக்கொண்டு.

டோஹாவில் சக்கர நாற்காலிக்காரர்களைக் கடைசியாகத்தான் இறக்கினார்கள். ஹாசிம் வெளியே வந்தபோது தாயும் மகளும் தேநீர் குடித்து முடித்திருந்தார்கள்.

"பயணம் எப்பிடி வாப்பா?" என்று ஸும்ரா கேட்டாள்.

"ஒங்க உம்மாட்ட கேளு. ப்ளேன் அவட பொறுப்புலதான் வந்திச்சி."