மாமியாருக்கு ஆயிரம் முத்தம்

என் கல்யாண ஆல்பத்தில் மாமியார் இருக்கும் படம் எல்லாவற்றிலும் அவர் மூக்கில் பஞ்சு இருக்கும். அதற்குக் காரணம் நான்தான்.

விருதுநகர் மண்டபத்தில், தாலி ஏறிய கையோடு, பெரியவர்கள் காலில் விழச் சொன்னார்கள். முதலில் மாமியார். ஸ்பெயினில் லியோன் பக்கத்து ஊரிலிருந்து பட்டுப்புடவையை எப்படியோ சுற்றிக்கொண்டு வந்து நின்ற ரெமேதியோஸ் அம்மையார், அவர்கள் ஊர் வழக்கப்படி என் இரண்டு கன்னத்திலும் முத்தம் வைக்கக் குனிந்தார். நான் காலைத் தொட்டு நிமிர்ந்தேன். என் உச்சந்தலை நேராக அவர் மூக்கில் போய் இடித்தது. நெத்திச்சுட்டியில் கல் வேறு பதித்திருந்தார்கள்.

என் அம்மா நாகவள்ளிதான் ஓடி வந்து ஐஸ் வைத்து, பஞ்சு வைத்து, புடவைத் தலைப்பால் விசிறி விட்டாள். அன்றிலிருந்து அவர்கள் இருவரும் வாட்ஸ்அப் சிநேகிதிகள். ஒருவர் பேச்சு மற்றவருக்கு ஒரு சொல்கூடத் தெரியாது. அம்மா காலையில் முருகன் படம் அனுப்புவாள். அந்தப் பக்கமிருந்து ரோஜாப்பூ வரும். எனக்கும் மாமியாருக்கும் அதுகூட இல்லை. அவர் நாலு வரி எழுதினால் நான் பதிலுக்கு ஒரு கும்பிடு பொம்மை அனுப்புவேன். மரியாதை என்று நினைத்துத்தான் அனுப்பினேன்.

சண்டை வெளியே வந்தது எனக்கு ஏழு மாதம் நிறைந்தபோது. நாங்கள் இருப்பது ஷார்ஜா முவைலாவில். பிரசவமும் இங்கேதான். என் கணவன் ஆல்வரோ தன் அம்மாவை வரச் சொல்லிப் போன் செய்தான். அவருக்குக் காது மந்தம் என்பதால் இரண்டு பக்கமும் கத்தல். போனை வைத்தவன் முகம் செத்துப்போயிருந்தது. எங்கள் வீட்டில் ஆங்கிலம்தான் பேச்சு. அவன் சொன்னதைத் தமிழில் சொல்கிறேன்.

"வரமாட்டாங்களாம். தன்னைப் பிடிக்காத வீட்டுக்கு எதுக்கு வரணும்னு கேக்கறாங்க."

"யாருக்குப் பிடிக்கலை?"

"உனக்கு. முத்தம் கொடுக்க வந்தா முட்டினே. நாலு வரி எழுதினா, ஆளை விடுங்கன்னு கும்பிடறே."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. காலில் விழுந்தவளைப் பார்த்து மரியாதை இல்லை என்றால் என்ன செய்வது? கோபம் இறங்கியதும் அழுகை வந்தது. அப்பாவை இழந்த ஆல்வரோவுக்கு நெருங்கிய உறவென்று இருப்பது அந்த ஒரு அம்மா. பிள்ளை பிறக்கிற நேரத்தில் அவர் வராமல் போனால், இந்த மூக்கு விவகாரம் எங்கள் மூன்று பேர் நடுவிலும் ஆயுசுக்கும் நிற்கும்.

"கடிதம் எழுது. கையால, காகிதத்துல," என்றான் ஆல்வரோ. "எங்கம்மா போன்ல வர்ற எதையும் நம்ப மாட்டாங்க. காகிதத்துல வந்தா பெட்டியில வச்சுப்பாங்க."

இரண்டு வருடமாகப் போன் வைத்து ஸ்பானிஷ் படித்தவள் நான். நானே எழுதுகிறேன் என்று அவனை அறையை விட்டு விரட்டினேன். பள்ளியில் பத்து மதிப்பெண்ணுக்குக் கடிதம் எழுதிய கை. இணையத்தில் கிடைத்த மாதிரிக் கடிதத்தைப் பார்த்து, 'பெருமதிப்பிற்குரிய அம்மையீர்' என்று பொருள்படும் ஒரு தொடக்கம், வரிக்கு வரி 'தாங்கள்', உடல்நலம் விசாரிப்பு, 'தங்கள் வருகையை எதிர்நோக்கும்' என்று முடிவு.

ஆல்வரோ படித்துவிட்டுச் சோபாவில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"பேங்க்ல கடன் பாக்கிக்கு அனுப்பற நோட்டீஸ் இப்படித்தான் இருக்கும். எங்கம்மா இதை வக்கீல்கிட்ட எடுத்துட்டுப் போவாங்க."

பிறகு விதிகளைச் சொன்னான். மேலே வலப்பக்கம் ஊரும் தேதியும். அதன் கீழே 'கெரிதா ரெமேதியோஸ்', அன்புள்ள ரெமேதியோஸ். அதற்குப் பிறகு காற்புள்ளி கிடையாது, இரட்டைப் புள்ளி வைக்க வேண்டும். 'மாமியாரே' என்று யாரும் விளிப்பதில்லை; அப்படி விளித்தால் குத்தலாகப் படும். 'தாங்கள்' என்பது அவர்கள் ஊரில் டாக்டருக்கும் போலீஸுக்கும்தான். வீட்டு மனுஷிக்கு 'நீ'.

"மாமியாரைப் பேர் சொல்லி, நீன்னு எழுதணுமா?"

"ஆமா."

"எங்க ஊர்ல தெரிஞ்சா என்னைத் தெருவுக்குள்ள விடமாட்டாங்க."

மறுநாள் பக்கத்து ஃபிளாட் உம்மு ஹானி லாத்தாவிடம் இதைச் சொல்லிப் புலம்பினேன். கீழக்கரைக்காரர்; அங்கே அக்காவை லாத்தா என்பார்கள். அவர் கணவருக்கு ரோலா பக்கம் துணிக்கடை. லாத்தா கன்னத்தில் கைவைத்துக்கொண்டார்.

"எங்க மாமிக்கு நான் காயிதம் எழுதுனா சலாமுக்கே அரைப் பக்கம் போவும் புள்ள. பேரச் சொல்லியா எழுதுறது? சரி, எதுக்கும் எங்க கடை பிலிப்பினிப் புள்ள மரியாகிட்ட காட்டு. அவ பேரே அந்த ஊருப் பேருதானே!"

மரியா வந்தாள். காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மேஜை, ஜன்னல், முட்கரண்டி ஆகிய சொற்கள் தன் மொழியிலும் உண்டு என்று மகிழ்ச்சியோடு அறிவித்தாள். என் கடிதத்தில் மூன்றுமே இல்லை. டீ குடித்துவிட்டுப் போய்விட்டாள்.

கடைசியில் நானேதான் உட்கார்ந்தேன். 'கெரிதா ரெமேதியோஸ்:' என்று எழுதிவிட்டு, யாரும் பார்க்கிறார்களா என்று சுற்றிப் பார்த்தேன். அடுத்த வரிக்கு ஆல்வரோ சொன்னது ஒன்றுதான்: "விசேஷமா எதுவும் வேண்டாம். நாம என்ன சாப்பிட்டோம், நான் என்ன தப்பு பண்ணேன், அதைச் சொல்லு. அங்கே அன்புன்னா அதுதான்."

சொன்னேன். உன் பிள்ளை நாளுக்கு நாள் அழகாகிறான், பிடிவாதமும் கூடவே வளர்கிறது. இட்லிக்கு ஆலிவ் எண்ணெய் ஊற்றிக்கொள்கிறான், அதைப் பார்த்து என் அம்மா வீடியோ காலைத் துண்டித்துவிட்டாள். குறட்டை விடுவதே இல்லை என்று சத்தியம் செய்கிறான்; பதிவு செய்து வைத்திருக்கிறேன், வரும்போது போட்டுக் காட்டுகிறேன். நீ செய்யும் பயறுக் குழம்பை இவன் தூக்கத்தில்கூடச் சொல்கிறான். கறி போடாமல் எப்படிச் செய்வது என்று எழுது. நான் வைத்தால் சாம்பாராகப் போய்விடுகிறது.

பிறகு மூக்கு. எங்கள் ஊரில் பெரியவர்களைக் கட்டிப்பிடிப்பதில்லை, காலில் விழுவோம், அதைவிடப் பெரிய மரியாதை எங்களிடம் கிடையாது என்று எழுதினேன். அன்று நீ ஒரு நொடி பொறுத்திருந்தால் நானே உன் முத்தத்துக்கு நிமிர்ந்திருப்பேன் என்றும் எழுதினேன். கும்பிடு பொம்மைக்கு அர்த்தம் 'ஆளை விடு' இல்லை, வணக்கம்.

ஒரு வரி மிச்சம் இருந்தது. 'தே கியேரோ மூச்சோ.' உன்மேல் எனக்குக் கொள்ளை ஆசை. இதை நான் தமிழில் யாரிடமும் சொன்னதில்லை. ஆல்வரோவிடம்கூட ஆங்கிலத்தில்தான். ஸ்பானிஷில் பேனா நிற்கவே இல்லை, ஏதோ மளிகைச் சாமான் எழுதுவதுபோல ஓடியது. நீ இருந்தால் எனக்குப் பயம் இருக்காது, வா, என்றேன். இறுக்கமான அணைப்பு, ஆயிரம் முத்தம், அகிலா. கையெழுத்துக்குக் கீழே பின்குறிப்பும் போட்டேன்: உள்ளே இருப்பவர் இப்போது உதைக்கிறார், அநேகமாக உனக்குத்தான் வணக்கம் சொல்கிறார்.

உறையின் முன்பக்கம் அவர் முகவரி, தெருப் பெயருக்குப் பின்னால் வீட்டு எண், ஊர்ப் பெயருக்கு முன்னால் அஞ்சல் எண். அனுப்புநர் பெயரை உறையின் பின்பக்கம் எழுதுவதுதான் அவர்கள் வழக்கமாம். இங்கே வீட்டுக்குத் தபால்காரர் வருவதில்லை. அதனால் ஆல்வரோவின் கம்பெனி அஞ்சல்பெட்டி எண்ணைப் போட்டேன்.

மூன்று வாரம் மூச்சே இல்லை. வழியில் தொலைந்துவிட்டது என்று நான் முடிவு கட்டிய நாளில், ஆல்வரோ ஆபீஸிலிருந்து ஓடி வந்தான். நீல மையில் இரண்டு பக்கம். முதல் பக்கம் முழுக்கப் பயறுக் குழம்பு. இரண்டாம் பக்கத்தில்: பிப்ரவரி முதல் வாரம் டிக்கெட் போட்டாயிற்று. உன் கடிதத்தை ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் எல்லாருக்கும் உரக்க வாசித்தேன், என் நாத்தனார் அழுதாள், அவளுக்கு இப்படி ஒரு மருமகள் இல்லை. விமான நிலையத்தில் நீ குனியாதே. அசையாமல் நில். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஆல்வரோ என் வயிற்றில் முகத்தை வைத்துக்கொண்டு எழுந்திருக்கவே இல்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த நேரம் பார்த்து அம்மா போன்.

"என்னடி, உம் மாமியாருக்கு என்னமோ எழுதுனியாமே?"

"உனக்கு யாரும்மா சொன்னது?"

"அவுகதான் நீ எழுதுன நாலு பக்கத்தையும் போட்டோ புடிச்சு எனக்கு அனுப்பிருக்காக. கீழ பூ வேற. எனக்கு என்ன புரியும்? எங்கண்ணன் மக கனகாதான் தன் போனை அது மேல காட்டுனா. அப்படியே தமிழா வந்துச்சு."

எனக்கு வேர்த்துவிட்டது. ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

"முழுசா வந்துச்சா?"

"முழுசா வந்துச்சு. ஆயிரம் முத்தமாம். கொள்ளை ஆசையாம். நீ இருந்தா பயமில்லையாம்." அம்மாவின் குரல் ஏறியது. "பத்து மாசம் சுமந்தவ இங்க ஒருத்தி கெடக்கேன். ஹாஸ்டல்ல இருந்து எனக்கு என்னடி எழுதுன? நலம், நலமறிய ஆவல், பீஸ் கட்டணும். அம்புட்டுதான். அவுக மூக்க உடைச்சிட்டு அவுகளுக்கு முத்தமா?"

"அம்மா, அது அவங்க ஊர் வழக்கம்மா. அப்படித்தான் எழுதணும்."

"பொய்யாவா எழுதுன?"

"இல்ல."

"பெறகென்ன?"

அவள் மூக்கை உறிஞ்சினாள். பிறகு வேறு குரலில், யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோலச் சொன்னாள்.

"எனக்கும் ஒண்ணு எழுது."

"எழுதறேன்மா. இன்னைக்கே எழுதறேன்."

"தமிழ்ல வேணாம். எனக்குக் கூச்சமா இருக்கும், உனக்கும் வராது. அந்தப் பாசையிலயே எழுது. கனகா படிச்சுக் காட்டுவா."

அவள் சொன்னது சரிதான். தமிழில் ஆரம்பித்துப் பார்த்தேன். 'அன்புள்ள அம்மாவுக்கு' என்று எழுதியதுமே கை தானாக 'நலம்' என்றது. அந்தத் தாளைக் கிழித்தேன். புதுத் தாளில் 'கெரிதா மமா' என்று எழுதி, இரட்டைப் புள்ளி வைத்தேன். அதற்கப்புறம் நிறுத்த முடியவில்லை. ஹாஸ்டலில் முதல் வாரம் அவள் புடவையைத் தலையணைக்குள் வைத்துத் தூங்கியதை எழுதினேன். மண்டபத்தில் எல்லாரும் சிரித்தபோது அவள் ஒருத்தி மட்டும் என் தலையையும் தடவிப் பார்த்தாளே, அதை எழுதினேன். பிப்ரவரியில் ரெமேதியோஸ் ஒரு பக்கம், நீ ஒரு பக்கம், இரண்டு பேரும் இல்லாமல் நான் ஆஸ்பத்திரிக்குள் போகமாட்டேன், உனக்கும் டிக்கெட் போடுகிறோம் என்றேன். தே கியேரோ மூச்சோ, மமா. படம் பிடித்து உடனே அனுப்பினேன். காகிதம் பின்னால் வரட்டும்.

இரண்டு நீலக் குறி விழுந்தது. பதில் இல்லை. லாத்தா வந்து டீ குடித்துவிட்டுப் போனார், ஆல்வரோ பயறு ஊறவைத்தான், அப்போதும் இல்லை. இருட்டத் தொடங்கியபோது குரல் செய்தி ஒன்று வந்தது. பின்னணியில் கனகா, "இன்னும் கொஞ்சம் சத்தமா அத்தை," என்று அடக்கிய சிரிப்போடு சொல்வது கேட்டது. தொண்டையைச் செருமிக்கொண்டு, புதிதாகப் பள்ளியில் சேர்ந்த பிள்ளை பாடம் ஒப்பிப்பதுபோல, அம்மா ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"தே... கியேரோ... மூச்சோ."

உடனே, மூச்சுவிடாமல்:

"சரி சரி, சாப்பிட்டியா?"