ஒரு வரியில் அடங்காதது

என் அக்கா வாயை மூடி நான் பார்த்ததில்லை. தூக்கத்திலும் பேசுவாள். நம்பாவிட்டால் பக்கத்து வீட்டு நாயைக் கேளுங்கள், அது தூக்கம் கெட்டு இளைத்தே போய்விட்டது. முப்பத்தைந்து வருடம் தொலைபேசி நிலையத்தில் இணைப்புப் போட்டவள். இரண்டு பேருக்கு இணைப்புக் கொடுத்துவிட்டு அவர்களை விட அதிகமாகத் தானே பேசியிருப்பாள் என்பது என் ஆராய்ச்சி முடிவு.

ஒரு காலையில், பல் துலக்கிக்கொண்டே என்னைத் திட்டிக்கொண்டிருந்தவள், பாதித் திட்டில் சாய்ந்தாள். பக்கவாதம். உயிர் பிழைத்தாள், கை கால் ஓரளவு திரும்பியது. சொற்கள் மட்டும் திரும்பவில்லை. மூட்டை மூட்டையாக இருந்ததில் ஒன்றே ஒன்று மிஞ்சியது: "போடா."

பசித்தால் போடா. போர்வை வேண்டுமென்றால் போடா. பெரிய டாக்டரம்மா வந்து நாடி பிடித்தபோதும் போடா. அந்த அம்மா சிரித்துவிட்டார். அக்கா சிரிக்கவில்லை. நாம் சொல்வதெல்லாம் அவளுக்குப் புரியும், சொல்ல நினைப்பதும் உள்ளே முழுசாக இருக்கும். வாசலுக்கு வரும்போது அந்த ஒரு சொல்தான் வரும். அது தவறு என்பதும் அவளுக்குத் தெரியும். அந்த முகத்தைப் பார்க்காதவர்கள் புண்ணியவான்கள்.

எங்கள் இருவருக்கும் வேறு யாரும் இல்லை. அவள் கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார், என்னைக் கட்டிக்கொள்ளும் துணிச்சல் எவளுக்கும் வரவில்லை. ஆகவே வாரம் மூன்று நாள் நான்தான் அவளை ஆஸ்பத்திரியின் பழைய கட்டடத்துக்கு அழைத்துப் போனேன். அங்கே மூன்று அறைகளில் பேச்சுப் பயிற்சிப் பிரிவு இருந்தது. நடு அறையில் ஒரு பெண், நான் பேச்சு டீச்சர் என்று பட்டம் சூட்டியவள், படம் போட்ட அட்டைகளை ஒவ்வொன்றாகக் காட்டுவாள்.

"அம்மா, இது என்ன? த..."

"போடா."

"என்னைப் போடின்னாவது சொல்லுங்கம்மா. த... தண்..."

ஆறு வாரம் கழித்து "தண்ணி" வந்தது. நான் எழுந்து நின்று கை தட்டியதில் அடுத்த அறையில் ஒருவர் கட்டிலிலிருந்து விழுந்தார் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். எட்டு மாதத்தில் பதினோரு சொற்கள். தண்ணி, வேணாம், ஜன்னல், வலி, வா, செருப்பு... செருப்பைக் கற்றுக்கொண்டது எனக்காகத்தான்.

இந்தக் கட்டத்தில் எனக்கு வேலை வந்தது.

அந்த ஆஸ்பத்திரியை நடத்தும் அறக்கட்டளை அலுவலகத்தில்தான், ஓய்வு பெறும் வரை, நான் முப்பத்தொரு வருடம் இருந்தேன். நிர்வாகக் குழுவுக்கு வரும் ஸ்லைடு கட்டுகளைச் சுருக்குவது என் வேலை. டெக் என்று இப்போது நாசூக்காகச் சொல்கிறார்கள். ஐம்பது அறுபது ஸ்லைடு இருக்கும், படம், வட்டம், அம்புக்குறி. அதை ஒரு பக்கமாக, ஒரு பத்தியாக, ஒரு வரியாக மூன்று அளவில் எழுத வேண்டும். பக்கத்தை வீட்டில் உட்கார்ந்து படிப்பவர் இரண்டு பேர். பத்தியை வரும் வழியில் காரில் படிப்பவர் மூன்று பேர். வரியை மேசையில் உட்கார்ந்த பிறகு படிப்பவர் மீதிப் பேர் அனைவரும். மூன்றில் எதைப் படித்தவரும் ஒரே முடிவுக்கு வர வேண்டும். வீட்டில் வாய் திறந்தால் எலியை யானை ஆக்குகிற நான், அந்த மேசையில் மட்டும் எலியை எலி என்றே எழுதியிருக்கிறேன்.

என் இடத்தில் இருந்தவர் பிள்ளைப்பேற்று விடுப்பில் போனதால் குழுச் செயலாளர் என்னைக் கூப்பிட்டார். நீட்டி முழக்கும் யாரையும் ஒரே அமுக்கில் நிறுத்திவிடுவதால் அந்த அம்மாவுக்கு ஸ்டேப்ளர் என்று பெயர். வைத்தவன் யார் என்று கேட்காதீர்கள்.

"சார், ஒரே ஒரு டெக். பழைய கட்டடத்தை என்ன பண்றதுன்னு. அம்பத்திரண்டு ஸ்லைடு."

பழைய கட்டடம் என்றதும் நான் இடைமறித்தேன்.

"மேடம், எங்கக்கா அங்கதான் பயிற்சிக்கு வராங்க. நான் எழுதறது சரியா இருக்குமா?"

"வேற ஆள் இல்ல சார். டெக்ல இருக்கறதை மட்டும் எழுதுங்க. உங்களைப் பத்தி எனக்குத் தெரியாதா?"

எழுதினேன். நாற்பத்துநான்காம் ஸ்லைடில் பரிந்துரை இருந்தது: நோயாளிகளின் வீட்டுக்கே போய்ப் பயிற்சி தரும் சேவை தொடங்க வேண்டும், தொடங்கிய பிறகு, ஜூன் மாதம் பிரிவை மூடலாம். படித்ததும் மூச்சு வந்தது. அக்காவுக்கு ஆட்டோவில் குலுங்கும் வேலை மிச்சம்.

முதலில் பக்கம். ஒன்பதாம் ஸ்லைடில் நோயாளிகள் முப்பத்தெட்டு, முப்பத்தொன்றாம் ஸ்லைடில் நாற்பத்தொன்று. தோண்டிப் பார்த்தால் காத்திருப்போர் மூன்று பேரைச் சேர்த்து எண்ணியிருக்கிறார்கள். பயிற்சியில் இருப்போர் முப்பத்தெட்டு என்று தெளிவாக எழுதி, பத்தியிலும் அதே எண்ணை வைத்தேன். ஸ்லைடில் 'மூடலாம்' என்று பரிந்துரைதான் இருந்தது, ஆகவே மூன்றிலும் 'பரிந்துரை' என்றே போட்டேன், 'முடிவு' என்று ஏற்றவில்லை. பக்கத்திலிருந்து பத்தி, பத்தியிலிருந்து வரி. பிறகு வரியைப் பத்தியோடு ஒப்பிடாமல் நேராக ஸ்லைடோடு ஒப்பிட்டேன், ஏனென்றால் ஒவ்வொரு படியிலும் ஒரு மயிரிழை நகர்ந்தால் கடைசிப் படியில் தெருவே மாறிவிடும். வரி இப்படி இருந்தது: 'வீட்டுப் பயிற்சிச் சேவை தொடங்கிய பிறகே, பேச்சுப் பயிற்சிப் பிரிவை ஜூனில் மூடப் பரிந்துரை.'

மறுநாள் மதியம் ஸ்டேப்ளர் அம்மா கூப்பிட்டார்.

"சார், வரி நீளம். நிகழ்ச்சி நிரல் கட்டத்துல அடங்கல. பாதியாக்குங்க."

"எதைம்மா வெட்டறது?"

"நீங்கதான் சொல்லணும். 'வீட்டுப் பயிற்சி'யெல்லாம் பத்தியில இருக்கே?"

அந்த 'தொடங்கிய பிறகே'வை விட எனக்கு மனசில்லை. மனசில்லை என்று தெரிந்ததும்தான் சனியன் பிடித்தது. ஏன் மனசில்லை? அக்கா இருப்பதால்தானே? வேறு யாருடைய அக்காவாக இருந்தால் இப்படித் தொங்கிக்கொண்டிருப்பேனா? முப்பத்தொரு வருடத்தில் ஒரு பக்கமும் சாயாதவன் ஓய்வுக்குப் பிறகா சாய்வது? அவளுக்காக ஒரு சொல் கூட அதிகமாக வைக்கக் கூடாது என்று நேர்மை தலைக்கேறிவிட்டது.

"வெட்டிடுங்க மேடம். 'பேச்சுப் பயிற்சிப் பிரிவை ஜூனில் மூடப் பரிந்துரை.' அவ்வளவுதான்."

"சரியா இருக்கா?"

மூன்று தாள்களையும் மேசையில் பரப்பிச் சரிபார்த்தேன். வரியில் இருக்கும் ஒவ்வொரு சொல்லும் பத்தியில் இருக்கிறது. பத்தியில் இருப்பது பக்கத்தில். பக்கத்தில் இருப்பது ஸ்லைடில். எல்லாவற்றுக்கும் டிக். "சரியா இருக்கு."

கீழிருந்து மேலே மட்டும்தான் பார்த்தேன். மேலே இருப்பதில் கீழே விடுபட்டது எது, அது இல்லாமல் ஒருவர் கை தூக்கினால் என்ன ஆகும் என்று பார்க்கவில்லை. விவரத்தை விடலாம், நிபந்தனையை விடக்கூடாது. இதை நானே எத்தனை பேரை நிற்க வைத்துச் சொல்லியிருக்கிறேன், தெரியுமா? நூறு பேர். சரி, நான்கு பேர்.

குழு கூடியது. அன்று பதினேழு விஷயங்கள். வரியைப் படித்தார்கள், கை தூக்கினார்கள்; பக்கமும் பத்தியும் படித்த ஐந்து பேரும் நிபந்தனை உண்டு என்று நினைத்தே தூக்கியிருப்பார்கள். நடவடிக்கைக் குறிப்பில் அந்த வரியே தீர்மானமாக ஏறியது. ஜூன் முதல் தேதி மூன்று அறைகளையும் பூட்டினார்கள். வீட்டுச் சேவைக்கு ஆள் எடுக்க யாரிடமும் உத்தரவில்லை. பேச்சு டீச்சர் அட்டைகளை ஒரு பையில் போட்டு என்னிடம் கொடுத்தாள். வேறு ஊரில் வேலை கிடைத்துவிட்டதாம்.

"வீட்டுல தினமும் காட்டுங்க சார். விட்டுட்டா போயிடும்."

அடுத்த நாளே நான் மூன்று தாள்களோடு ஸ்டேப்ளர் அம்மாவின் மேசைக்கு முன்னால் நின்றேன்.

"மேடம், பக்கத்துல பாருங்க, பத்தியில பாருங்க. சேவை தொடங்கின பிறகுதான் மூடணும்னு இருக்கு. வரிதான் தப்பு. என் தப்பு."

அவர் மூன்றையும் படித்தார்.

"நானும் பார்க்காம விட்டுட்டேனே சார்..."

"இப்ப திருத்த முடியுமா?"

"தீர்மானமா ஏறினது வரி. குழு மறுபடி கூடினாத்தான் மாத்த முடியும். செப்டம்பர்."

"மூணு மாசமா? அதுக்குள்ள எங்கக்கா..."

"தெரியும் சார்." அன்றே தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் எழுதினார். செப்டம்பரில் பார்த்துக்கொள்ளலாம் என்று எல்லோரும் ஒரே வரியில் பதில் அனுப்பினார்கள்.

நான் தினமும் அட்டை காட்டினேன். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. டீச்சர் முதல் எழுத்தைச் சொல்லிவிட்டுக் காத்திருப்பாள், நான் காத்திருக்க மாட்டாமல் முழுச் சொல்லையும் சொல்லிவிடுவேன். செருப்புப் படத்தைக் காட்டி என் தலையில் நானே அடித்துக்கொண்டேன். ஜூலையில் அவள் அட்டைகளைத் தட்டிவிட்டாள். ஆகஸ்டில் ஜன்னல் போனது, பிறகு வலி போனது. வலி இருந்தது, சொல்தான் போனது. விலாவைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்ப்பாள். நான் தலையணையா, மருந்தா, தண்ணியா என்று ஒவ்வொன்றாகக் கேட்பேன். அதன் பின் மற்றவையும் ஒவ்வொன்றாகப் போயின, பழைய போடா மட்டும் எப்போதாவது வந்தது.

செப்டம்பரில் புதிய வரி எழுதிக் கொடுத்தேன். நிரலில் இரண்டு கட்டத்தை அடைத்துக்கொண்டு நின்றது. ஸ்டேப்ளர் அம்மா ஒரு சொல்லைக் கூட வெட்டவில்லை. குழு திருத்தியது. அக்டோபர் நடுவில் வீட்டுச் சேவை தொடங்கி, எங்கள் வீட்டுக்கு ஒரு பெண் வந்தாள். பையிலிருந்து ஒரு படிவம் எடுத்தாள்.

"சார், கடைசியாப் பயிற்சி நின்னப்ப எத்தனை வார்த்தை பேசினாங்க?"

"பதினொண்ணு." எண்ணிக்கை விஷயத்தில் நான் உண்மை சொன்னது அபூர்வம், ஆனால் அது பதினொன்றேதான்.

"இப்ப?"

"ஒரு நிமிஷம் இருங்க."

அக்காவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். என்னிடம் இருந்த புளுகு மூட்டை முழுவதையும் அவிழ்த்தேன். தொலைபேசி நிலையத்தில் அவள் போட்ட இணைப்பெல்லாம் தப்பு இணைப்பு என்றேன். அவள் சமையலைச் சாப்பிட்டுத்தான் அத்தான் சீக்கிரம் கிளம்பினார் என்றேன். அவளை விட நான்தான் அழகு, ஊரே சொல்கிறது என்றேன். வந்த பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஐந்து மாதத்துக்கு முன்னால் இதில் கால் பங்குக்கே செருப்பும் போடாவும் சேர்ந்து வந்திருக்கும்.

அக்கா என் முகத்தையே பார்த்தாள். உதடு ஒரு தரம் குவிந்தது. நான் முதல் எழுத்தைக் கூடச் சொல்லாமல் காத்திருந்தேன். அந்தப் பொறுமை அன்றுதான் எனக்கு வந்தது. குவிந்த உதடு மெல்லப் பிரிந்தது. கையை மட்டும் தூக்கி, ஈ ஓட்டுவது போல, போ என்று ஒரு வீசு வீசிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"சைகையை எழுதலாமாம்மா?"

"இந்தக் கட்டத்துல வார்த்தை மட்டும்தான் சார். கீழ குறிப்புல நான் எழுதிக்கறேன்."

"எழுதுங்க. விட்டுடாதீங்க."

பேனாவை வாங்கி, மேல் கட்டத்தில் நானே பூஜ்யம் போட்டேன்.